சிறுகதை: "நாலு, மூண்டு, ரெண்டு, ஒண்டு" (வாசித்துப் பிழை சொல்லுங்கோ)

கடலோரத்தான்:

வணக்கம். இந்தக் கதையை எழுதுவதும் கிழிப்பதுமாக மூன்று வருடம் போய்விட்டது. இடம் வெள்ளவத்தை. முக்கால்வாசி நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். கண் மருந்து விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பிழைகளைச் சொல்லுங்கோ. முடிவு சரியா என்பதையும்.

---

புரை எடுத்த பிறகு அம்மப்பாவின் இடது கண்ணில் ஒட்டியிருந்த மூடியைக் கழற்றிய அன்று, கண் வார்ட்டு நேர்ஸ் மிஸ் கவினைத்தான் கிட்ட வரச்சொன்னார். அம்மாவுக்கு வங்கியில் வேலை, வீடு வர ஏழு மணியாகும். அம்மப்பாவின் கையில் நடுக்கம்.

"நீங்கதானே விடப்போறீங்க? அப்ப நீங்க பாருங்க."

இரண்டு போத்தல். ஒன்றில் இருந்தது தண்ணீர் மாதிரித் தெளிவு. மற்றதைச் சும்மா வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், குலுக்கினால் ஐதான பால். தெளிந்தது நாளுக்கு நாலு தரம், ஒரு கிழமை, அதோடு சரி. பால் நிறத்தது முதல் கிழமை நாலு, அடுத்த கிழமை மூண்டு, பிறகு ரெண்டு, கடைசிக் கிழமை ஒண்டு.

குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் கவின் பென்சிலால் கோடு போட்டான். வான் வரமுதல் காலை ஐந்தே முக்கால். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டேகால். விளக்கு வைக்கிற ஆறு மணி. படுக்கமுதல் ஒன்பது.

முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது இமை மயிரில் தங்கிக் காதுவரை ஓடியது.

"அவசரப்படாதை. ரயில் நிண்டாப் பிறகுதான் கதவு திறக்கிறது," என்றார் அம்மப்பா. முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்ரராய் இருந்தவர்.

மூன்றாம் நாள்தான் வழி பிடிபட்டது. உள்ளங்கையின் அடியை அம்மப்பாவின் நெற்றியில் ஊன்றினால் போத்தல் ஆடாது. மற்றக் கையால் கீழிமையை மெல்ல இழுத்தால் அங்கே ஒரு சின்னச் சிவப்புப் பை திறக்கும். "மேல பாருங்கோ அம்மப்பா." அவர் மின்விசிறியைப் பார்ப்பார். சொட்டு பைக்குள் விழும். கண்ணை மூடுவார். மூக்கோடு சேர்ந்த மூலையைக் கவின் விரலால் அழுத்திப் பிடிப்பான். ஒரு நிமிடம் எண்ணச் சொல்லியிருந்தார்கள். அம்மப்பா எண்ணவில்லை, ஊர் சொன்னார். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை... ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போவார். மொரட்டுவை வந்ததும் கவின் விரலை எடுப்பான்.

இரண்டாம் கிழமை மூன்று கோடு. அம்மப்பா பல்கனியில் நின்று, தண்டவாளத்துக்கு அப்பால் கடலைப் பார்த்து, "அங்க மூண்டு கப்பல் நிக்குது," என்றார். கவினுக்கு இரண்டுதான் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவதும் தெரிந்தது.

மூன்றாம் கிழமை செவ்வாய் இரவு. சொட்டு விழுந்தது, அடுத்து போத்தலில் இருந்து வெறும் காற்று வந்தது.

"முடிஞ்சுது அம்மப்பா."

"முடிஞ்சால் முடியட்டும். கண் வெள்ளையாத்தானே இருக்கு? அம்மாட்டச் சொல்லாதை, மாசக் கடைசி."

கவின் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை அவனுக்குக் கணிதச் சோதனை. அம்மா தினமும் கலண்டரைப் பார்ப்பார் என்பதால் புதனுக்கு இரண்டு கோடு போட்டான். வியாழனுக்கு இரண்டு. வெள்ளிக்கும் இரண்டு.

சனிக்கிழமை காலை பல்கனிக் கதவின் திரை இழுத்து மூடியிருந்தது. அம்மப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"வெளிச்சம் குத்துதடா. கப்பலும் தெரியேல்லை, பனி மாதிரிக் கிடக்கு."

கருவிழியைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வளையம். அம்மா கலண்டரைப் பார்த்தார். கோடெல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா, அந்தக் கோடுகள் பொய்," என்றான் கவின்.

அம்மப்பாவின் நாடியை விளக்குக் கருவியில் வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்த டொக்டர், உள்ளே அழற்சி திரும்பிவிட்டது என்றார். புதுப் போத்தல், புது மருந்துத் துண்டு. இனி நாளுக்கு ஆறு தரம். இறங்குவதும் முன்னையைவிட மெதுவாக.

அன்று பின்னேரம் கவின் அந்த ஆறு கோட்டையும் அழித்தான். கரி போய்விட்டது, பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் கிடந்தது. பக்கத்தில் புதிதாக ஆறு கோடு கீறினான். போத்தலைக் குலுக்கினான்.

"மேல பாருங்கோ."

சொட்டு விழுந்தது. "கோட்டை," என்றார் அம்மப்பா.

---

ஆமர்வீதி_ரவி:

ஸ்டேஷன் பெயர் சொல்லி நேரம் கணக்குப் பண்றது இருக்கே, அந்த இடத்துல மனசு நின்னுடுச்சு. எங்க தாத்தாவும் ரயில்வேதான்.

ஒரு திருத்தம். நான் பாமசியில ஆறு வருஷம் நின்னவன். அந்தப் பால் நிற மருந்து ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட்டைப் படிப்படியாக் குறைக்கிறது ஏன்னா, திடீர்னு நிறுத்தினா உடம்பு தானா சுரக்கிறது நின்னுபோயிருக்கும், ஆள் மயங்கி விழுவார். ஆஸ்துமாக்காரங்களுக்கு மாத்திரையை இப்படித்தான் இறக்குவாங்க. கதையில அம்மப்பாவுக்கு அந்த அசதி வந்ததாக் காட்டணும். அப்புறம் தெளிஞ்ச போத்தல் அன்டிபயோட்டிக்தானே? அதையும் நாலு மூணு ரெண்டுன்னு இறக்கித்தானே நிறுத்தணும்? ஒரே நாள்ல நிறுத்துறதா எழுதியிருக்கீங்க.

சுபா_தெகிவளை:

அண்ணா, கதை வாசிச்சு அழுதிட்டன். அப்பாவுக்கும் கண்ணுக்கு மருந்து விடுறம், பிரஷர் மருந்து, இரவில ஒரு சொட்டு. இரண்டு வருஷமா ஒரே அளவுதான். இந்தக் கதையில வாற மாதிரிக் கிழமைக்குக் கிழமை குறைச்சிருக்க வேணுமோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமையில இருந்து ஒன்றைவிட்ட ஒருநாள் ஆக்கலாம் எண்டு யோசிக்கிறன்.

மல்லிகா_மிஸ்:

சுபா, முதலில் உங்களுக்கு. குறைக்காதையுங்கோ. ஒரு நாளும் தவறவிடாதையுங்கோ. கண் அழுத்த மருந்து வேறு சாதி. அது அழுத்தத்தை அன்றன்றைக்குப் பிடித்து வைக்கிறது, நிறுத்தினால் அழுத்தம் ஏறும், ஏறுவது அப்பாவுக்குத் தெரியவும் தெரியாது. நோகாது, சிவக்காது. அடுத்த கிளினிக்கில் டொக்டரைக் கேளுங்கோ, அதுவரை இரவுச் சொட்டு அப்படியே போகட்டும்.

இனிக் கதைக்கு வாறன். நான் கண் வார்ட்டில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்தக் கவினைப்போல எத்தனை பிள்ளைகளுக்குக் கீழிமையை இழுத்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. நெற்றியில் கையை ஊன்றுவதும் மூக்கு மூலையை அழுத்துவதும் சரி. அந்த மூலையில்தான் கண்ணீர் மூக்குக்கு இறங்குகிற வாசல் இருக்கிறது. அழுத்தாவிட்டால் பாதி மருந்து தொண்டையில் கசக்கும்.

ரவி தம்பி சொன்னது மாத்திரைக்குச் சரி. கண்ணில் விடுகிற சொட்டுக்கு அந்தக் காரணம் இல்லை, நாலு கிழமைச் சொட்டில் ஆள் மயங்கி விழமாட்டார். இங்கே கதை வேறு. புரையை எடுக்கும்போது கண்ணுக்குள் கருவி போய் வந்திருக்கிறது. வெளிக் காயம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுதான், ஆனால் உள்ளே கண் கோபித்துக்கொண்டிருக்கும். பால் மருந்து அந்தக் கோபத்தை அமத்தி வைக்கிறது. அது ஆறக் கிழமைக் கணக்கு எடுக்கும். வெளியில் வெள்ளையாகத் தெரிவது மருந்து அமத்தி வைத்திருக்கிற வெள்ளை. நடுவில் கையை எடுத்தால் இரண்டு மூன்று நாளில் திரும்பவும் எழும்பும். மெல்ல மெல்ல எடுத்தால், எழும்புகிறதா இல்லையா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டு இறங்கலாம். அதனால்தான் படி.

அன்டிபயோட்டிக்குக்குப் படி கிடையாது. கிருமி வராமல் காவலுக்கு நிற்கிற மருந்து அது, குறைந்த அளவில் இழுத்தடித்தால் காவல் பலவீனமாகும். முழு அளவில் விட்டு, சொன்ன நாளில் ஒரேயடியாக நிறுத்துவதுதான் முறை. கதையில் சரியாகவே வந்திருக்கிறது. எத்தனை நாள், எத்தனை தரம் என்பது டொக்டருக்கு டொக்டர் மாறும். சிலர் ஆறில் தொடங்குவார்கள், சிலர் முதல் நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் விடச் சொல்வார்கள். வாசிக்கிறவர்கள் கதையைப் பார்த்து மருந்து விடவேண்டாம், கையில் இருக்கிற துண்டைப் பாருங்கோ.

வெளிச்சம் குத்துவது, கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவப்பது, பனி மாதிரித் தெரிவது, இவை மூன்றும் சரி. ஆனால் இதே குணம் முதல் கிழமையில், கடும் நோவோடு, பார்வை மளமளவென்று இறங்கி வந்தால் அது கிருமி போனதாகவும் இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று பார்க்கக்கூடாது, இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஒரு குறை இருக்கிறது, தம்பி. இரண்டு போத்தலுக்கும் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும். விடாவிட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதை எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் போத்தல் ஏன் செவ்வாய்க்கிழமை முடிந்தது? கணக்குப் பார்த்தேன். முதல் கிழமை நாலு வீதம் 28. இரண்டாம் கிழமை மூன்று வீதம் 21. மூன்றாம் கிழமை திங்களும் செவ்வாயும் இரண்டு வீதம் 4. மொத்தம் 53 சொட்டு. முழு நாலு கிழமைக்கும் சேர்த்தால்கூட 70தான். வழக்கமான 5 மில்லிலீற்றர்ப் போத்தலில் நூறு சொட்டு அளவில் வரும். 53இல் முடிந்தது என்றால் மற்றப் பாதி எங்கே போனது?

கடலோரத்தான்:

மிஸ், நேற்று இரவு இதை வாசித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

போத்தல் செவ்வாய்க்கிழமை முடிந்தது கற்பனை இல்லை. நடந்தது. இரண்டு நாள் கழித்துக் கணிதச் சோதனை என்பதால் கிழமை எனக்கு மறக்காது. இத்தனை வருடமாக நான் நினைத்தது, மருந்தை நான் சிந்திவிட்டேன், அதனால்தான் முடிந்தது என்று. ஆனால் நான் சிந்தியது முதல் இரண்டு மூன்று நாள் மட்டும். பத்துச் சொட்டுக்கு மேல் இராது. 53இன் இரட்டிப்பு 106. அப்படியென்றால் ஒவ்வொரு தரமும் இன்னொரு சொட்டு எங்கேயோ போயிருக்கிறது.

இப்போது ஞாபகம் வருகிறது. பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் சில நாள் மூடி இறுக்கியிருக்காது. நான்தான் காலையில் அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

நிலா_கொட்டாஞ்சேனை:

உங்க அம்மப்பாவோட வலது கண்ணு எப்படி இருந்துச்சு? அதுலயும் புரை இருந்துச்சா?

ஏன் கேக்குறேன்னா, எங்க அம்மா இதைத்தான் செஞ்சாங்க. ஒரு கண்ணு ஒப்பரேஷன் முடிஞ்சு பளிச்சுனு தெரிய ஆரம்பிச்சதும், "இந்த மருந்துதான் தெளிய வைக்குது, மத்தக் கண்ணுக்கும் விட்டா கத்தி வைக்காமலே சரியாயிரும்"னு நெனைச்சு, நான் வேலைக்குப் போனதும் மத்தக் கண்ணுக்கும் தானே விட்டுக்கிட்டாங்க. மருந்து சீக்கிரம் முடிஞ்சப்பதான் புடிச்சேன். கேட்டதுக்கு, "ஒனக்குச் செலவு மிச்சம்னு பாத்தேன்டி"ன்னு சொன்னாங்க. நான் திட்டிட்டேன். திட்டியிருக்கக் கூடாது.

நாங்க காட்டின தனியார் கிளினிக்ல ஒரு வார்த்தை, "மத்தக் கண்ணுக்கு விடாதீங்க"ன்னு, யாரும் சொல்லல. துண்டுல எந்தக் கண்ணுன்னு எழுதியிருந்ததும் வாசிக்கிற மாதிரி இல்ல.

மல்லிகா_மிஸ்:

நிலா, உங்கள் அம்மா மட்டும் இல்லை. புரை என்றால் கண்ணுக்குள் இருக்கிற வில்லையே மங்கிப்போவது, சொட்டு எதுவும் அதைக் கரைக்காது. இந்தப் பால் மருந்தைத் தேவையில்லாமல் நெடுநாள் விட்டால் புரையைக் கூட்டவும் கூடும், சிலருக்குக் கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஆனால் அந்தப் பெரியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கண்ணில் மருந்து விட விட உலகம் வெளிக்கிறது. கத்தி வைத்தது விறைப்பு மருந்துக்குள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்கள் தினமும் காண்பது மருந்தைத்தான்.

ஆமர்வீதி_ரவி:

மிஸ், மாத்திரையையும் சொட்டையும் நான் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன், விளங்குது. ஆனா போத்தல் கணக்குல நான் கொஞ்சம் நிக்கிறேன். எல்லாப் போத்தலும் ஒரே அளவு சொட்டாது. மூக்கு நுனி அகலமா இருந்தாப் பெரிய சொட்டு வரும். சின்னப் பையன் பயத்துல அமுக்கினா ஒண்ணுக்கு ரெண்டா விழும், அவனுக்கே தெரியாது. குலுக்காம விட்டாலும் அளவு மாறும். அதனால அம்மப்பா திருடி விட்டாருன்னு முடிவு கட்ட முடியாது.

கதையைப் பத்தி வேற ஒண்ணு. பையன் "அந்தக் கோடுகள் பொய்"னு தானாச் சொல்றது எனக்கு ஒட்டல. அந்த வயசுல சொல்லமாட்டான். நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மல்லிகா_மிஸ்:

சொட்டு அளவு மாறும், அது உண்மை. சிறு கை இரண்டு சொட்டு அமுக்கியிருக்கலாம். அப்படி விழுந்தால் கெடுதல் இல்லை, கண்ணில் ஒரு சொட்டுக்கே முழு இடம் கிடையாது, மிச்சம் கன்னத்தில் வழியும். மருந்துதான் நேரத்தோடு முடியும். குலுக்காவிட்டால் தொடக்கத்தில் வெறும் தண்ணீரும் கடைசியில் கட்டி மருந்தும் வரும், முதல் கிழமையில் மருந்து போகவேண்டிய நேரம் போகாது. ஆனால் இந்தப் பிள்ளை குலுக்கியிருக்கிறான்.

கவின் தானாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. கிளினிக்கில் எங்களுக்கு வேண்டியதும் அந்த ஒரு வசனம்தான். மருந்து விட்டும் அழற்சி எழும்பியதா, விடாமல் எழும்பியதா? இரண்டுக்கும் செய்வது வேறு. விட்டும் எழும்பியது என்றால் டொக்டர் வேறு காரணம் தேடவேண்டும். அந்தக் கோடுகளை நம்பியிருந்தால் அவரைத் தேவையில்லாமல் தேட வைத்திருப்பார்கள்.

சுபா_தெகிவளை:

மிஸ், நன்றி. அப்பாவின்ர மருந்தைக் குறைக்கேல்லை. கலண்டரில கோடு போட மகனிட்டச் சொல்லியிருக்கிறன்.

கடலோரத்தான்:

ரவி, அந்த வசனத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அன்று நான் சொல்லவில்லை. அம்மா கலண்டரைப் பார்த்தார், நான் பேசாமல் நின்றேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் "ஒழுங்கா விட்டீங்களா?" என்று கேட்டபோது, அம்மப்பாதான் முந்திக்கொண்டு, "மருந்து முடிஞ்சு நாலு நாள். நான்தான் பெடியனைச் சொல்ல வேண்டாம் எண்டனான்," என்றார். கதையில் கவினைப் பேசவிட்டது நான் பேசியிருக்கவேண்டும் என்பதற்காக. உங்களுக்கு ஒட்டாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். நடந்ததுபோலவே அம்மப்பாவைப் பேசவைத்து ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். மிஸ் சொன்ன ஐந்து நிமிடத்தையும் சேர்க்கிறேன். கோட்டையிலிருந்து எத்தனை தரம் மொரட்டுவைக்குப் போய்வந்தோம் என்று எண்ணினால் அது வந்துவிடும்.

நிலா அக்கா கேட்ட கேள்வி: வலது கண்ணிலும் புரை இருந்தது. அதற்கு ஒப்பரேஷன் அடுத்த வருடம்தான் நடந்தது.

இன்று காலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். போத்தல் கணக்கைச் சொல்லி, அம்மப்பா மற்றக் கண்ணுக்கும் விட்டிருப்பாரா என்று கேட்டேன். அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த நாட்களில பின்னேரம் வேலையால வந்து பாத்தால், அவரின்ர வலது கன்னத்தில வெள்ளையாக் காய்ஞ்சு ஒரு கோடு கிடக்கும். நான் திருநீறு வழிஞ்சது எண்டு நினைச்சுத் துடைச்சு விடுறனான்."

அம்மப்பா தினமும் திருநீறு பூசுகிறவர்தான்.